நெல்லில் இலைப்புள்ளி: படம் காட்டுவதும் காட்டாததும்

நெற்பயிரின் இலையில் புள்ளி விழுந்ததும், இன்று பல இடங்களில் இலைக்கு முன்னதாக அதன் படமே வேளாண்மை அலுவலரிடம் வந்து சேருகிறது. அப்படத்திற்கு உடனே ஒரு நோயின் பெயரைச் சூட்டிவிடும் வழக்கம் ஆபத்தானது. குலை நோய், தழைச்சத்து மிகுந்த பயிரில் கடுமையாகும். செம்புள்ளி நோயோ சத்துக் குறைந்து, நீரின்றி வாடும் பயிரையே பெரிதும் தாக்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், உரம் பற்றிய அறிவுரையே தலைகீழாகிவிடும்.

சோட்டாநாகபுரி மேட்டு நிலத்து மானாவாரி நெல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓர் இலையின் நடுப்பகுதி மட்டும் அண்மையில் எடுக்கப்பட்ட படம். அருகே ஓர் அளவுகோல் வைக்கப்பட்டுள்ளது. அதில் தெரிவதை மட்டும் முதலில் எழுத வேண்டும்: புள்ளிகள் நீள்வட்டமானவை, எள்ளின் வடிவை ஒத்தவை, நீளம் இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர், ஓரம் கரும்பழுப்பு, பெரிய புள்ளிகளின் நடுப்பகுதி வெளிர் சாம்பல், சிலவற்றைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம், இலைப்பரப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியுள்ளன. இக்குறிப்பில் நோயின் பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரை முதலில் எழுதியவரின் கண், அதற்குப் பொருந்தும் அடையாளங்களையே தேடும்.

இவ்வடையாளங்கள் செம்புள்ளி நோய்க்கே மிகவும் பொருந்துகின்றன. குலை நோயின் முதிர்ந்த புள்ளி இரு முனையும் கூர்த்த கதிர் வடிவம் கொண்டது. ஒரு சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். எனினும் இளம்புள்ளிகள் இரு நோய்களிலும் சிறியனவாகவே இருப்பதால், படத்தில் முதிர்ந்த புள்ளி ஒன்றேனும் இல்லாவிடில் இவ்வேறுபாடு பயன்படாது. நரம்புகளுக்கு இணையாக, ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள கோடு போன்ற புள்ளிகள், பயிரின் பிற்பருவத்தில் தோன்றும் குறுகிய பழுப்புப் புள்ளி நோயைக் குறிக்கும். இங்கு அவை இல்லை.

பூசணமே இல்லாமலும் இலை பழுப்பேறும் என்பதுதான் பெரிதும் மறக்கப்படுவது. துத்தநாகக் குறைவில், நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடியிலைகளில் துருநிறத் திட்டுகள் தோன்றும். இளம் இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்பு வெளுக்கும். வயலில் பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகும். தராய்ப் பகுதியில் கைரா என்று அழைக்கப்பட்ட நோய்க்கு இக்குறைவே காரணம் என்று 1960களில் பந்த்நகரில் நேனே காட்டினார். இரும்பு மிகுந்த, நீர் வடியாத நிலத்தில், அடியிலையின் நுனியிலிருந்து நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் கீழ்நோக்கிப் பரவும். வேர் மீது துருநிறப் படலம் படியும். சாம்பல் சத்துக் குறைவில் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுப்பேறும். இக்குறைவு செம்புள்ளி நோய்க்கும் இடம் கொடுப்பதால், இரண்டும் ஒரே இலையில் சேர்ந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய உதவும் செய்திகளில் பெரும்பாலானவை அந்தப் படத்தில் இல்லை. அது அடியிலையா, மேலிலையா? வயலில் நீர் தேங்கியுள்ளதா? வேரின் நிறம் என்ன? பயிரின் வயது என்ன? எனவே முழுத்தூர், வேர், வயலின் பொதுத்தோற்றம் ஆகியவற்றின் படங்களையும், இட்ட உரங்களின் விவரத்தையும் கேட்டுப் பெறுவது, முதல் படத்தை மேலும் பெரிதாக்கிப் பார்ப்பதைவிடப் பயன் தரும். மாலை வெயிலில் எடுத்த படம் பழுப்பைச் செம்மையாகக் காட்டும். நிறத்தை மட்டும் நம்புவது சரியன்று.

ஐயம் நீடித்தால் இலையே வர வேண்டும். ஈரமான ஒற்றுத்தாள் மீது ஓரிரு நாள் மூடி வைத்தபின், புள்ளியின் பரப்பை உருப்பெருக்கியில் காண வேண்டும். செம்புள்ளிப் பூசணத்தின் வித்துகள் பழுப்பு நிறமும், சற்றே வளைந்த நீண்ட வடிவும், பல குறுக்குச் சுவர்களும் உடையவை. குலை நோயின் வித்துகள் பேரிக்காய் வடிவில், பெரும்பாலும் மூன்று அறைகளுடன் இருக்கும். சத்துக் குறைவால் மடிந்த திசுவிலும் வேறு பூசணங்கள் பின்னர் குடியேறக்கூடும். எனவே ஏதோ ஒரு வித்து கிடைத்தது என்பதே சான்றாகாது.

1942இல் வங்காளத்தில் செம்புள்ளி நோய் பரவியதை, மறு ஆண்டின் பஞ்சத்திற்கு முக்கியக் காரணமாகப் பத்மநாபன் 1973இல் எழுதினார். உணவுக் குறைவே பஞ்சத்தை விளைவித்தது என்ற கருத்தை 1981இல் அமர்த்தியா சென் மறுத்தார். அவ்விவாதம் எவ்வாறாயினும், இந்நோய் விளைச்சலைப் பெரிதும் பாதிக்கவல்லது என்பதில் ஐயமில்லை.

மேற்கூறிய படத்திற்கு அலுவலர் எழுதத்தக்க குறிப்பு இது: ‘பெரும்பாலும் செம்புள்ளி நோய், துத்தநாக, சாம்பல் சத்துக் குறைவுகள் இன்னும் விலக்கப்படவில்லை, வேரும் மண்ணும் பார்க்கப்படும்வரை, குலை நோய் எனக் கருதித் தழைச்சத்தை நிறுத்த வேண்டாம்.’