பெட் பிடிப்பவருக்கு எல்லை எங்கே: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

கிழக்குக் கடல் அமைதியாகி, படகுகள் ஒழுங்காகத் தொழிலுக்குப் போகத் தொடங்கும் காலமும் ஐ.பி.எல். நடக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். மார்ச் கடைசியில் தொடங்கும் போட்டிகள் மே முடியும்வரை இரவுதோறும் நடக்கின்றன. கையில் காசு புழங்குவதும் அதே மாதங்களில்தான். கொட்பேயிலும் கிண்ணியாவிலும் சல்லியிலும் போனில் பெட் பிடிக்கும் பழக்கம் இந்த இரண்டு மாதங்களில் முற்றிவிடக்கூடும். பிறகு வாடைக் காற்று வந்து கடல் குழம்பி, படகுகள் கரையில் கிடக்கும்போது மிஞ்சுவது கடன்.

முதலில், பழக்கம் பிரச்சினையாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மனநலத் துறையில் நீண்டகாலமாகப் பயன்படும் இரண்டே கேள்விகள் உள்ளன. பெட் பிடிக்கும் தொகையைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? எவ்வளவு பிடிக்கிறேன் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

இந்தப் பக்கத்தில் வேறு சில அறிகுறிகளும் தெரியும். அடுத்த பயணத்துப் பங்கை நம்பிச் சம்மாட்டியிடம் முற்பணம் கேட்பது, காரணம் சொல்லாமல் நகையை அடகு வைப்பது, தோற்ற காசை அன்றிரவே மீட்கவேண்டும் என்று மறுபடியும் போடுவது ஆகியவை அவை. மூன்றில் கடைசியே மிக ஆபத்தானது. தோற்றதை மீட்கப் போடும் பெட்டின் அளவை வரவு தீர்மானிப்பதில்லை, போன பெட்டின் நட்டம் தீர்மானிக்கிறது. அதனால் தொகை ஏறிக்கொண்டேதான் போகும்.

அடுத்து, மனக்கணக்கை விட்டுவிட்டு வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஒரு எடுத்துக்காட்டு. படகில் பங்குக்குப் போகும் ஒருவரின் வீட்டு வருமானம் நல்ல எட்டு மாதங்களில் மாதம் 80,000 ரூபாய், வாடைக்கால நான்கு மாதங்களில் 30,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 7,60,000. மாதச் சராசரி சுமார் 63,000. இவர் கிழமைக்கு நான்கு இரவு, ஒவ்வொரு தடவையும் 2,000 ரூபாய் போடுகிறார். கேட்டால் “வாறதும் போறதும் சரியாத்தான் இருக்கு” என்பார், ஏனென்றால் வென்ற இரவுகள்தான் நினைவில் நிற்கின்றன. மூன்று மாத வங்கிக் கூற்றை எடுத்து, பெட் தளத்துக்கும் முகவருக்கும் அனுப்பியதை ஒரு நிரையிலும் அங்கிருந்து வந்ததை இன்னொன்றிலும் கூட்டச் சொல்லுங்கள். போனது 96,000, வந்தது 41,000. மூன்று மாதத்தில் 55,000 நட்டம், அதாவது மாதம் 18,000க்கு மேல். சராசரி வருமானத்தில் கால்பங்கைத் தாண்டிவிட்டது. முகவரிடம் கையில் கொடுத்த காசு கூற்றில் வராது. அதை நினைவுபடுத்தித் தனியே சேர்க்க வேண்டும்.

எவ்வளவு வரை போகலாம்? கனடாவில் வகுத்த வழிகாட்டல், வீட்டு மாத வருமானத்தில் ஒரு வீதத்துக்கு மேல் வேண்டாம், மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் ஆளுக்கு அது மாதம் 630 ரூபாய். இதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். ஆனால் 630க்கும் 18,000க்கும் இடையிலுள்ள தூரமே அவருடைய நிலையைச் சொல்கிறது. வருமானம் பருவத்துக்குப் பருவம் மாறும் வீட்டில் நல்ல மாதத்தைப் பார்த்து எல்லை போடக்கூடாது. ஆண்டுச் சராசரியைப் பார்த்தே போடவேண்டும். முடிந்தால் வாடைக்கால மாதத்தையே அளவாகக் கொள்ளுங்கள்.

இனி, அந்த எல்லையை எங்கே போடுவது என்பதே முக்கியமான கேள்வி. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளத்தில் வைப்பு எல்லையைக் குறைத்தால் உடனே அமுலாகும், கூட்டினால் 24 மணிநேரம் கழித்து மறுபடி உறுதிசெய்த பிறகே அமுலாகும். ஆஸ்திரேலியாவில் கூட்டுவதற்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம்தான் எல்லைக்கு உயிர். இரவு பதினொரு மணிக்குத் தோற்றவர் பதினொன்றே காலுக்கு எல்லையை உயர்த்த முடிந்தால் எல்லை இருந்தும் பயனில்லை. இலங்கையில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2025இல்தான். கடல் கடந்து எங்கோ இருந்து இயங்கும் தளம் உங்கள் எல்லையை மதிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. தளத்தில் அந்த வசதி இருந்தால் போடுங்கள். ஆனால் ஒரு தளத்தில் போட்ட எல்லை இன்னொரு தளத்துக்குத் தெரியாது. வென்ற காசைத் திரும்பப் போடுவதையும் வைப்பு எல்லை தடுக்காது.

ஆகவே காசு வெளியேறும் வாசலில் பூட்டுப் போடுங்கள். வங்கி அப்பில் அட்டையின் இணையக் கொடுப்பனவை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கிளையில் கேளுங்கள். நாளாந்தம் அனுப்பக்கூடிய தொகையின் உச்சத்தையும் வீட்டுச் செலவுக்குப் போதுமான அளவுக்கு இறக்குங்கள். இரண்டாவது கணக்கு ஒன்று திறந்து, பங்குக் காசு கைக்கு வந்த அன்றே வீட்டுப் பணத்தை அதில் போட்டு, அட்டையை மனைவியிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள். முகவர் கடனுக்குப் பெட் ஏற்பவராக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் கடனுக்கு வைப்பே தேவையில்லை. அவருடைய இலக்கத்தைப் போனில் தடுத்து, அவருடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறுங்கள்.

எல்லையை ஒரு மாதத்தில் இரண்டு தடவை மீறினால் அது எல்லைக்கான கட்டம் அல்ல, இடைவெளிக்கான கட்டம். பிரிட்டனில் இடைவெளி ஒரு நாளிலிருந்து ஆறு கிழமை வரை, சுயவிலக்கு குறைந்தது ஆறு மாதம். இங்கே ஒரு நாள் இடைவெளியால் பயன் குறைவு, மறுநாளும் போட்டி இருக்கிறதே. ஐ.பி.எல். பருவம் முழுவதையும் மூடும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள், அதாவது மூன்று மாதம். பங்குக் காசு வருவதற்கு முந்தின நாளே தொடங்குங்கள். தொடங்குமுன் தளத்திலுள்ள மீதியை எடுத்துவிடுங்கள். எடுப்பது நிலுவையில் இருக்கும்போது அதை ரத்துச்செய்யும் பொத்தான் பல தளங்களில் உண்டு. காசு வங்கிக்கு வந்து சேரும்வரை அந்தத் தளத்தைத் திறக்காதீர்கள். `BetBlocker` என்ற இலவச அப்பை நிறுவிக் காலத்தைக் குறித்தால் பெட் தளங்கள் பலவற்றைத் திறக்கவிடாது. முகவருடன் வாட்ஸ்அப்பில் பேசுவதை அது தடுக்காது.

முதல் இரண்டு கிழமை எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். போட்டி நடக்கும் நேரத்தில் கையில் போன் இல்லாமலிருக்க ஏற்பாடு செய்யுங்கள். பொய், முற்பணம், மீட்கப் போடுதல் எல்லாம் சேர்ந்துவிட்டவருக்கு 630 ரூபாய் எல்லையும் பொருந்தாது. அவர் முழுதாக நிறுத்தவேண்டும், உதவியோடு. திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

வீட்டாருக்கு ஒன்று. கடனைத் தீர்க்கக் காசைப் பெட் பிடித்தவர் கையில் கொடுக்காதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கி, அடகுக்கடைக்கும் கடன் கொடுத்தவருக்கும் நேரே கட்டுங்கள். அப்போதுதான் பட்டியலில் மறைந்திருக்கும் மற்றக் கடன்களும் வெளியே வரும்.