தொலைபேசியில் தந்த வாக்கை அன்றைக்கே எழுத்தில் பதிவது எப்படி?

வெலிமடையில் மரக்கறி வியாபாரம் செய்கின்ற எவருக்கும் லீசிங் லொறி புதிதல்ல. கெப்பெட்டிப்பொலவிலிருந்து தம்புள்ளைக்கு ஓடுகின்ற லொறிகளில் கணிசமானவற்றின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக ஏதாவதொரு நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் தவணை முடியும் முன்பே கட்டி முடித்துவிட நாம் நினைப்போம். அப்போது முதலில் எடுப்பது அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தைத்தான். மறுமுனையில் பேசுகின்ற பிள்ளை இனிமையாகக் கணக்குச் சொல்லும். நாமும் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் அந்தத் தொகையைக் குறித்துக்கொள்வோம்.

2019இல் நான் அப்படித்தான் குறித்துக்கொண்டேன். பிந்திக் கட்டிய தவணைகளுக்கான மேலதிக வட்டியை முற்றாகத் தள்ளிவிடுவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பணத்துடன் கிளைக்குப் போனபோது, “அப்படி ஒரு சலுகையே இல்லையே, யார் சொன்னது சேர்?” என்று கேட்டார்கள். யார் சொன்னது என்று எனக்கும் தெரியாது. பெயர் கேட்கவில்லை, நேரம் ஞாபகமில்லை. 42,000 ரூபாவைக் கூடுதலாகக் கட்டிவிட்டு வீடு வந்தேன். அந்தப் பிள்ளை பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. தனக்கு அதிகாரமில்லாத ஒன்றை நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், அல்லது நானே பிழையாக விளங்கியிருக்கலாம். இரண்டில் எது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

அடுத்த லொறியின் கணக்கை 2023 ஜூன் மாதத்தில் முடிக்க நினைத்தேன். மாதத் தவணை 78,500 ரூபா. 60 தவணைகளில் 41 கட்டியாகிவிட்டது. மீதி 19 தவணைகளும் சேர்ந்து 1,491,500 ரூபா. இதில் முதல் 1,277,400, இனி வரவிருக்கும் வட்டி 214,100. இவற்றுக்கு மேலதிகமாக, 2022இல் டீசல் இல்லாமல் லொறி நின்ற மாதங்களில் பிந்திக் கட்டியதற்கான வட்டி 18,600 ரூபா நிலுவையில் இருந்தது.

ஜூன் 12ஆம் திகதி காலை 10.40க்கு அழைத்தேன். எதிர்கால வட்டியில் பாதியைக் கழிப்பதாகவும், பிந்திய வட்டி 18,600ஐ முழுவதும் தள்ளுவதாகவும், மாத முடிவுக்குள் 1,384,450 ரூபா கட்டினால் கணக்கு முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். இம்முறை தொலைபேசியை வைக்கும் முன், பேசியவரின் பெயரையும் அழைப்புக்கு ஏதாவது இலக்கம் உண்டா என்பதையும் கேட்டேன். பின்னர், “மிஸ், நான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள்” என்று தொகையையும் திகதியையும் வாசித்துக் காட்டினேன். “ஓம் சேர், சரி” என்றார். இப்படித் திருப்பிச் சொல்வதை முக்கியமாகக் கருதுகிறேன். அழைப்பைப் பதிவுசெய்கிறோம் என்று ஆரம்பத்திலேயே அறிவிக்கிறார்கள் அல்லவா? அந்தப் பதிவில் நமது தொகையும் அவர்களது ‘சரி’யும் அடுத்தடுத்துக் கேட்கும்.

அன்று லுஹருக்கு முன்பே மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். மருமகன் ஆங்கிலத்தில் எழுதித் தந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“விடயம்: லீசிங் ஒப்பந்த இலக்கம் (இலக்கம்), 2023.06.12 தொலைபேசி உரையாடல்.

இன்று காலை 10.40க்கு எனது (இலக்கம்) தொலைபேசியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துத் திருமதி (பெயர்) அவர்களுடன் சுமார் 14 நிமிடங்கள் பேசினேன். நான் விளங்கிக்கொண்டது பின்வருமாறு. எதிர்கால வட்டி 214,100 ரூபாவில் பாதி கழிக்கப்படும். பிந்திய வட்டி 18,600 ரூபா முழுவதும் தள்ளப்படும். 2023.06.30க்குள் 1,384,450 ரூபா செலுத்தினால் ஒப்பந்தம் முடிவுறும், வேறு கட்டணம் எதுவும் இல்லை. அதன்பின் வாகன உரிமையை விடுவிக்கும் கடிதம் தரப்படும். இவ்விளக்கத்தில் பிழை இருந்தால் 16ஆம் திகதிக்குள் எழுத்தில் அறியத்தாருங்கள். சரியாயின் அதனையும் உறுதிப்படுத்துங்கள். இந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் பாதுகாத்து வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் கோபமும் இல்லை, “நீங்கள் வாக்களித்தீர்கள்” என்ற குற்றச்சாட்டும் இல்லை. “நான் விளங்கிக்கொண்டது” என்றே எழுதியிருக்கிறது. சொல்லாத ஒன்றை ஆசையில் சேர்த்து எழுதினால், ஒலிப்பதிவை எடுத்துக் கேட்கும் நாளில் கடிதம் முழுவதுமே மதிப்பிழந்துவிடும். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய வரிக்கும் காரணம் உண்டு. பதிவு அவர்கள் கையில் இருக்கிறது, அதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதும் அவர்கள் விருப்பம். திகதி, நேரம், அழைத்த இலக்கம் மூன்றும் கையில் இருந்தால் ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்குள் இதைத் தேடி எடுக்கலாம். இல்லாவிட்டால், தேடினோம் கிடைக்கவில்லை என்று சொல்வது அவர்களுக்கு எளிது.

கடிதம் எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நிறுவனம் தனது ரசீதிலோ இணையத்தளத்திலோ பகிரங்கமாகத் தந்துள்ள வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்பி, கிளைக்கும் ஒரு பிரதி போட வேண்டும். நமக்கு விளம்பரம் வருகின்ற முகவரிகள் பல no-reply என்று தொடங்கும். அவற்றுக்கு எழுதினால் வாசிக்க ஆளில்லை. அனுப்பிச் சற்று நேரத்தில் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஏதாவது திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் கடிதம் போய்ச் சேரவில்லை. எனக்கு ஒரு முறைப்பாட்டு இலக்கத்துடன் தானியங்கிப் பதில் வந்தது. அது சம்மதம் அல்ல. கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டுமே சான்று.

ஜூன் 14ஆம் திகதி உண்மையான பதில் வந்தது. கடிதத்தின் முழுப் பயனும் அங்கேதான் தெரிந்தது. எதிர்கால வட்டியில் பாதி கழிவதும், தொகையும் சரி. ஆனால் அடுத்த தவணை 26ஆம் திகதி விழுவதால், அந்தத் தொகை 23ஆம் திகதி வரைக்கும்தான் செல்லுமாம். பிந்திய வட்டியைத் தள்ளுவதற்குக் கிளை முகாமையாளரின் அனுமதி வேண்டுமாம். தொலைபேசியில் ‘மாத முடிவு’ என்று சொன்னதை நம்பி, தம்புள்ளையிலிருந்து பெருநாளை ஒட்டி 28ஆம் திகதி வரவேண்டிய பணத்துக்காகக் காத்திருந்தால் கணக்கு முழுவதும் மாறியிருக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முற்கூட்டியே கேட்டு வாங்கினேன். அனுமதியை எழுத்தில் தருமாறு அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதில் எழுதினேன். 20ஆம் திகதி “அனுமதிக்கப்பட்டது” என்று இரண்டு வரி வந்தது.

22ஆம் திகதி கிளையில் காசாளரின் திரையில் 18,600 அப்படியே நின்றது. அச்செடுத்த மூன்று தாள்களையும் நீட்டினேன். அவர் உள்ளே போய் ஒருவரிடம் பேசிவிட்டு வந்து 1,384,450க்கு ரசீது தந்தார். பத்து நிமிடம் சென்றிருக்கும்.

அந்தப் பதில் வராமலே போயிருந்தால் நிலைமை என்ன? இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் எழுதிய கடிதத்துக்கு அவர்கள் மௌனமாக இருந்தார்கள் என்பதாலேயே அது ஒப்பந்தமாகிவிடாது. லீசிங் ஒப்பந்தங்களில் பொதுவாக, நிபந்தனைகளை எழுத்து மூலமே மாற்றலாம் என்றொரு வாசகம் இருக்கும். எழுதிய ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் மாற்றியதாக நிரூபிப்பதும், நமது சாட்சியங்கள் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி எளிதல்ல. ஆகவே பதிலில்லாத கடிதம், அன்று என்ன பேசப்பட்டது என்பதற்கு உடனுக்குடன் எழுதிய ஒரு சாட்சியம், அவ்வளவுதான். ஆயினும் சும்மா இருப்பதை விட அது எவ்வளவோ மேல். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் ஞாபகத்துக்கு எதிரே, ஒரு மணித்தியாலத்துக்குள் எழுதியது நிற்கும். பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டும் முன் அதே கடிதத்தை முகாமையாளருக்கு அனுப்புங்கள், அல்லது பதிவுத் தபாலில் போடுங்கள். கையெழுத்திட்ட செட்டில்மென்ட் கடிதம் கிடைக்கும் வரை பணம் நம்மிடமே இருக்கட்டும்.

மின்னஞ்சல் என்பதற்காக அது செல்லாது என்று எவரும் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட அங்கீகாரத்தை மறுக்கக்கூடாது என்கிறது. 2017இல் அது திருத்தப்பட்டும் இருக்கிறது. காணி விற்பனை, மரண சாசனம் போன்றவை அதற்குள் வரமாட்டா. காணித் தரகர் தொலைபேசியில் சொன்ன விலையை மின்னஞ்சலில் எழுதி வைத்து உறுதி முடித்ததாக நினைக்காதீர்கள்.

எழுதி வைப்பது நமக்குப் புதிய பாடமும் அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை நமது வியாபாரிகள் அறிவார்கள். தவணைக் கடனை எழுதச் சொல்லும் அதே வசனம், கைக்குக் கை நடக்கும் உடனடி வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் இலகுபடுத்துகிறது. ஆகவே பத்துக் கிலோ லீக்ஸ் விலைக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதில்லை. அங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு: எழுதுவதற்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர், அதாவது பொறுப்பைச் சுமப்பவர். நாம் எழுதியதை விட, வாக்குக் கொடுத்தவர் தன் வாயால் சொன்னதற்கே பலம் அதிகம். மேலே நான் பதிலுக்காக இவ்வளவு விடாப்பிடியாக நின்றதற்கு அந்தக் கணக்கும் காரணம்.

கடைசியாக, பதிவைக் காப்பது பற்றி. திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு மூலக் கடிதத்தை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தை எவரும் மாற்றலாம். Sent பெட்டியில் இருக்கும் மூலத்தில்தான் போன நேரமும் முகவரியும் சரியாக இருக்கும். கடையில் வேலை செய்யும் பையனின் முகவரியிலிருந்து அனுப்பினால், அவன் கட்டாருக்குப் போகும்போது உங்கள் கடிதங்களும் அவனோடு போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளிக்கு அதுவும் நடந்திருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு முகவரி வைத்து, அந்தக் கடிதத் தொடரை லொறியின் பதிவுப் புத்தகம் கைக்கு வரும் வரையாவது அழிக்காமல் வையுங்கள். எனக்கு அது வந்து சேர மேலும் ஏழு வாரங்கள் சென்றன. அந்த இடைவெளியில் விடுவிப்புக் கடிதத்தைக் கேட்டு இரண்டு முறை எழுதியதும் அதே தொடரில்தான்.