அலைவீச்சு மாறாமல் கட்டம் மாற்றும் சுற்று

லால்பேட்டையில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு இச்சுற்றை நான் 741 ஐ.சி. கொண்டு விளக்குகிறேன். உள்ளீட்டு அலை மின்தடை R வழியாகப் புரட்டா முனைக்குச் செல்கிறது. அம்முனைக்கும் புவி இணைப்புக்கும் இடையே மின்தேக்கி C உள்ளது. புரட்டும் முனையில் இரு சம மின்தடைகள்: ஒன்று உள்ளீட்டுக்கும், மற்றொன்று வெளியீட்டுக்கும்.

குறைந்த அதிர்வெண்ணில் மின்தேக்கி திறந்த சுற்றுபோல் நடந்துகொள்வதால் அலை அப்படியே வெளிவருகிறது. மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அது குறுக்குச்சுற்றாகி, அலை தலைகீழாகிறது. எனவே, கட்டப் பின்னடைவு 0°-லிருந்து 180° வரை கூடுகிறது:

φ = −2 tan⁻¹(2πfRC)

R = 10 kΩ, C = 0.01 µF, f = 1 kHz எனக் கொள்வோம். RC = 0.0001 வினாடி. 2πfRC = 0.628. இதன் tan⁻¹ மதிப்பு 32.1°. இரட்டித்தால் பின்னடைவு 64.3°.

அலைநோக்கியில் சரிபார்க்கலாம். ஓர் அலைவின் நேரம் 1 மில்லிவினாடி. ஆகவே வெளியீடு 64.3/360, அதாவது சுமார் 0.18 மில்லிவினாடி பிந்த வேண்டும். பாதி நேரமே பிந்துவதாக விடை வந்தால், மாணவர் இரட்டிக்க மறந்துள்ளார்.

‘103’ என அச்சிட்ட மின்தேக்கியின் உண்மை மதிப்பு 10% குறைந்தால், பின்னடைவு 59° ஆகிவிடும். எனவே அளந்தபின் கணக்கிடச் சொல்லுங்கள். அதிர்வெண்ணை மாற்றும்போது வெளியீட்டின் உயரமும் மாறினால், சம மின்தடைகள் இரண்டும் சமமாக இல்லை எனச் சந்தேகிக்கலாம்.