காலை செபத்துக்கு பாக்கி கிடையாது

காலை செபம் தவறிப்போனால் போகட்டும். ராத்திரி உட்கார்ந்து அதைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். இதை ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தூக்கம் மிஞ்சியிருக்கும்.

எனக்குக் கிடைத்த ஆலோசனை நேர்மாறானது. “தம்பி, காலையில விட்டதை ராத்திரி சொல்லி முடிச்சிடணும். இல்லன்னா பாக்கி நிக்கும்” என்றார் எங்கள் செபக்குழுவில் ஒரு பெரியவர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். மாதக் கடைசியில் வீடு திரும்பவே பத்து மணி ஆகிவிடும். அதற்குமேல் காலைப் புகழ், மாலைப் புகழ் இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டுவேன். காலைப் புகழில் வரும் சக்கரியாவின் பாடல் விடியலைப் பேசித்தான் முடிகிறது. அதை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “என்னங்க, அதுக்குள்ள விடிஞ்சிடுச்சா?”

அவள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. கட்டளை செபம் என்று நம் பெரியவர்கள் சொன்ன திருப்புகழ்மாலை, அந்தந்தப் பொழுதைப் புனிதப்படுத்துவதற்காக ஏற்பட்டது. பொழுது போய்விட்டால் அந்தச் செபத்தின் இடமும் போய்விடுகிறது. அதைச் சொல்லும் கடமை குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் உண்டு. நம்மைப் போன்ற பொதுநிலையினரை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அழைக்கிறது, அவ்வளவுதான், கட்டாயப்படுத்தவில்லை. கடமையே இல்லாத இடத்தில் பாக்கி எங்கிருந்து வரும்? பெரியவரிடம் இதைக் கேட்டேன். அதன்பிறகு அவர் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

சிங்கப்பூரில் நேரம் குறிப்பது எளிது. வருஷம் முழுக்கச் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு உதித்து ஏழு மணிக்கு மறைகிறது. ஐரோப்பாவைப் போலக் குளிர்காலம், கோடைகாலம் என்று மாற்றி வைக்க வேண்டியதில்லை. செங்காங்கில் ரயில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் போய்ச் சேருவதற்குள் காலைப் புகழ் நிதானமாக முடிந்துவிடும். அந்தத் தடம் முழுக்கச் சுரங்கம்தான், விடியலைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனாலும் நேரம் சரியான நேரம். “ரயில்ல போனைப் பாத்துக்கிட்டு செபமா?” என்பவர்கள் காலை ஏழு மணிக்கு நிற்க இடமில்லாத பெட்டியில் ஒருநாள் வந்து பார்க்கட்டும். மாலையில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்காவில் காய்கறி வாங்க வேண்டிய நாட்களில் அதற்கு முன்பே ரயிலில் முடித்துவிடுவேன். என்றைக்காவது சீக்கிரம் கிளம்பினால் ஓபிர் ரோடு லூர்து மாதா கோயில் வரைக்கும் நடப்பேன். 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டி முடித்த கோயில் அது.

செயலி இருந்தால் அன்றைய பக்கத்தை அதுவே எடுத்துத் தரும். புத்தகம் வைத்திருப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். திருப்பாடல்கள் நான்கு வாரச் சுழற்சியில் வருகின்றன. பொதுக்காலத்தில் வார எண்ணை நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். பொதுக்காலம் 27ஆம் வாரம் என்றால் மீதி 3, அதனால் மூன்றாம் வாரப் பக்கம். மீதி இல்லையென்றால் நான்காம் வாரம். திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் மூன்றும் முதல் ஞாயிறன்று முதல் வாரத்தில் தொடங்கும்.

அந்த 27ஆம் வாரத்தின் வியாழனையே எடுத்துக்கொள்வோம். மாலையில் 131ஆம் திருப்பாடலை இரண்டு பகுதியாகப் பிரித்துச் சொல்லச் சொல்கிறது புத்தகம். திருவிவிலியத்தில் 131-ஐத் திறந்தால் மொத்தமே மூன்று வசனம்! இதை எப்படி இரண்டாகப் பிரிப்பது? வழிபாட்டுப் புத்தகம் பழைய இலத்தீன் எண்ணைப் பின்பற்றுகிறது, நம் விவிலியம் எபிரேய எண்ணை. பெரும்பாலான பாடல்களில் ஒன்று கூடும். நமக்கு வேண்டியது 132: தாவீது ஆண்டவருக்கு ஓர் இல்லம் தேடிய பாடல், பதினெட்டு வசனம், பத்தாவதோடு முதல் பகுதி முடிகிறது. அதே நாள் காலையில் 86 என்று போட்டிருப்பதும் நமக்கு 87. சீயோனைப் பற்றிய பாட்டு வராமல் ஒருவன் துன்பத்தில் முறையிடுகிற பாட்டு வந்தால், பக்கம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதே நம் எண்.

நேரம் குறைந்தால் எதை விடுவது? காலைப் புகழுக்கு முன் வரும் அழைப்புத் திருப்பாடலை விட விதியே இடம் தருகிறது. அதுவும் போதாத நாட்களில் நான் ஒரு திருப்பாடலும் சக்கரியாவின் பாடலும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அது முழுமையான காலைப் புகழ் ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் அவசரமாக உதட்டில் ஓட்டுவதைவிட எனக்கு அது உத்தமம்.

சனிக்கிழமை மாலை எந்தப் பக்கம் என்று பலரும் கேட்கிறார்கள். சனிக்கிழமைக்கென்று மாலைப் புகழே கிடையாது. அன்று மாலையிலேயே ஞாயிறு தொடங்கிவிடுகிறது. அடுத்த வாரத்துக்கு நாடாவை மாற்றி, ஞாயிறு முதல் மாலைப் புகழ் என்று இருக்கும் இடத்தைத் திறங்கள்.