சர்க்கரை ஆலை இனாமாக வருகிறதா?

"பாரி பங்கை வாங்கினால் கோரமண்டல் பாதி விலைக்குக் கிடைக்கிறது, சர்க்கரை ஆலைகள் இனாம்" என்ற வாசகம், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர் முதல் நேரு வீதி ஜவுளிக்கடைக்காரரின் மகன் வரையில், பங்குச் சந்தையில் சிறிது பணம் போட்டிருக்கும் புதுச்சேரிவாசிகள் பலருடைய நாவிலும் புழங்குகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். முழுப் பொய்யாக இருந்தால் அலட்சியம் செய்துவிடலாம். பாதி மெய்யாக இருப்பதுதான் இதன் அபாயம்.

மெய்யான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1788-ல் தாமஸ் பாரி சென்னையில் தொடங்கிய வியாபாரத்தின் வழிவந்ததும், 1981 முதல் முருகப்பா குழுமத்தின் நிர்வாகத்தில் இருப்பதுமான இ.ஐ.டி. பாரி நம் ஊருக்கு அந்நியமான கம்பெனி அல்ல. கடலூர்ப் பக்கத்து நெல்லிக்குப்பம் ஆலை அதனுடையது. நம்முடைய அரியூர்க் கரும்பாலையையும் சில காலம் நடத்திப் பின்னர் நிறுத்தியது. இன்று அதனிடம் சர்க்கரை, சாராய வடிப்பாலை, ஊட்டச்சத்துப் பொருள்கள், பொட்டலமிட்ட உணவுப் பண்டங்கள் ஆகிய சொந்தத் தொழில்களும், காக்கிநாடாவில் துணைக் கம்பெனியின் பெயரில் ஒரு சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலையும், இவையனைத்துக்கும் மேலாக உரக் கம்பெனியான கோரமண்டல் இன்டர்நேஷனலில் ஏறக்குறைய 56 சதவிகிதப் பங்கும் இருக்கின்றன. இந்த 56 சதவிகிதத்தின் சந்தை மதிப்பைவிடப் பாரியின் மொத்தச் சந்தை மதிப்பு கணிசமாகக் குறைந்தே நெடுநாளாக இருந்துவருகிறது என்பதும் வாஸ்தவமே.

இதிலிருந்து 'இனாம்' என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் போடும் கணக்கைப் பார்த்தால், ஆண்டறிக்கையின் ஒருங்கிணைந்த கணக்கிலிருந்து லாபத்தை எடுத்து ஏதோ ஒரு மடங்கால் பெருக்கி, அதன் மேல் கோரமண்டல் பங்கின் மதிப்பையும் கூட்டிவிடுகிறார்கள். ஒருங்கிணைந்த கணக்கில் கோரமண்டலின் வரவும் லாபமும் கடனும் கையிருப்பும், 56 சதவிகிதம் அல்ல, முழுமையாகவே ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன. பிறருக்குரிய 44 சதவிகிதம் கடைசியில் ஒரு தனி வரியில் மட்டும் பிரித்துக் காட்டப்படுகிறது. ஆகவே இவர்கள் உரத் தொழிலை இரண்டு முறை எண்ணுவதோடு நில்லாமல், அடுத்தவன் பங்கையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். கணக்குப் பதிவியல் படித்த பட்டதாரிகளே இதைச் செய்யும்போது கோபம் வராமல் என்ன செய்யும்?

சரியான முறை கடினமானதன்று. பொறுமை மட்டுமே வேண்டும். முதலில் பாரியின் தனிக் கணக்கை எடுத்துக்கொண்டு, தொழில்வாரியான விவரக் குறிப்பிலுள்ள ஒவ்வொரு பிரிவின் லாபத்தோடும் அப்பிரிவின் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, வட்டி, வரி, தேய்மானம் மூன்றுக்கும் முந்திய லாபத்தைப் பெற வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் அதே தொழிலை மட்டும் செய்யும் கம்பெனிகள் சந்தையில் பெறும் மடங்கால் பெருக்க வேண்டும். சர்க்கரைக்குச் சிறிய மடங்கு ஏனென்றால், கரும்பின் குறைந்தபட்ச விலை, சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலை, ஏற்றுமதி அனுமதி, எத்தனால் கொள்முதல் விலை ஆகிய யாவும் தில்லியில் நிர்ணயமாகின்றன. எஞ்சியதை மழை நிர்ணயிக்கிறது. 2023 டிசம்பர் 7-ஆம் தேதி கரும்புச் சாற்றிலிருந்து நேராக எத்தனால் எடுப்பதை மத்திய அரசு திடீரென்று தடுத்து, சில தினங்களில் ஓரளவு தளர்த்தியதை நினைவுகூர்ந்தால், வடிப்பாலைகளுக்குத் தாராளமான மடங்கு போட்டிருந்தவர்களுடைய மதிப்பீடு ஒரே ஆணையில் என்ன கதி அடைந்திருக்கும் என்பது விளங்கும். ஆகையால் இத்தகைய பிரிவுகளுக்கு ஓராண்டு லாபத்தை எடுக்காமல், நல்லதும் கெட்டதுமாக ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுப்பதே விவேகம். உச்சமான ஆண்டின் லாபத்தை உச்சமான மடங்கால் பெருக்குவது ஒரே அதிர்ஷ்டத்தை இருமுறை கொண்டாடுவதாகும்.

வசதிக்காக, பாரியின் அமைப்பை ஒத்த ஒரு கம்பெனியைக் கற்பனையான முழு எண்களில் எடுத்துக்கொள்வோம். சர்க்கரையின் சராசரி லாபம் 100 கோடி, மடங்கு 5, மதிப்பு 500 கோடி. வடிப்பாலை 120 கோடி, மடங்கு 7, மதிப்பு 840 கோடி. பெயர் பெற்ற உணவுப் பண்டங்கள் 20 கோடி, மடங்கு 15, மதிப்பு 300 கோடி. ஆக 1,640 கோடி. பெரும்பாலோர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிரிவின் மீதும் சுமத்தப்படாத தலைமை அலுவலகச் செலவு என்று ஒரு வரி அந்தக் குறிப்பின் அடியில் இருக்கிறது. அது ஆண்டுக்கு 40 கோடி என்றால், அதுவும் வருஷா வருஷம் தொடரும் செலவே ஆதலால், மூன்று பிரிவுகளின் சராசரி மடங்காகிய ஏறத்தாழ 7-ஆல் பெருக்கி 280 கோடியைக் கழித்தாக வேண்டும். மீதி 1,360 கோடி. தனிக் கணக்கிலுள்ள நிகரக் கடன் 500 கோடியையும் கழித்தால் 860 கோடி. துணைக் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை நஷ்டத்தில் நடக்குமானால் அதைப் பூஜ்யம் என்று விட்டுவிடவும் கூடாது. தாய்க் கம்பெனி அதற்கு ஜாமீன் நின்றிருந்தால் அந்தத் தொகையில் ஒரு பகுதியையும் கழிப்பதே நேர்மை.

இனி, பட்டியலிடப்பட்ட துணைக் கம்பெனியிலுள்ள பங்கின் சந்தை மதிப்பு 10,000 கோடி எனக் கொண்டால், கூட்டுத்தொகை 10,860 கோடி. சந்தையோ தாய்க் கம்பெனிக்கு 5,500 கோடிதான் தருகிறது என்று வையுங்கள். சொந்தத் தொழிலின் 860 கோடியைக் கழித்தால், 10,000 கோடிப் பங்குக்குச் சந்தை கொடுப்பது 4,640 கோடி, அதாவது 54 சதவிகிதத் தள்ளுபடி. 'முட்டாள் சந்தை' என்று நம் நண்பர்கள் கைகொட்டுவது இந்த இடத்தில்தான்.

தள்ளுபடியின் ஒரு பகுதி வரி. அந்தப் பங்கின் வரிக் கணக்குக்குரிய அடக்கவிலை 2,000 கோடி என்றால், முழுவதையும் விற்கும்போது 8,000 கோடி ஆதாயத்தின் மீது, 2024 ஜூலை 23 முதல் நடப்பிலுள்ள 12.5 சதவிகித விகிதத்தில், உபரி வரியை விட்டுவிட்டாலும், 1,000 கோடி போய்விடும். மிச்சமுள்ள 9,000 கோடியோடு ஒப்பிட்டாலும் தள்ளுபடி 48 சதவிகிதம் நிற்கிறதே என்பீர்கள். நிற்கத்தான் செய்யும், ஏனென்றால் விற்கப்போவதில்லை. நிர்வாகக் குடும்பம் உரத் தொழிலை ஆள்வதற்காக வைத்திருக்கும் பிடி அது. பாகப்பிரிவினை ஆகாத பெரிய வீட்டில் ஒரு பாகத்தை வாங்குகிறவன், வீட்டின் விலையைப் பாகத்தால் வகுத்த தொகையைக் கொடுக்க மாட்டான் அல்லவா? தாய்க் கம்பெனியின் சிறு பங்குதாரருக்குக் கோரமண்டலின் செல்வம் சேரும் வழி, கோரமண்டல் தரும் ஈவுத்தொகை மேலே வந்து, அதில் ஒரு பகுதி மீண்டும் ஈவாகக் கீழே இறங்குவது ஒன்றே. இடையில் நின்று அதை உறிஞ்சிக்கொள்ளச் சர்க்கரை ஆலைகளும் சுத்திகரிப்பு ஆலையும் காத்திருக்கின்றன. 2020-ல் பாரி கோரமண்டல் பங்குகளில் ஒரு சிறு பகுதியை விற்று, 60 சதவிகிதத்துக்குச் சற்று மேல் இருந்த தன் பிடியை 56 ஆக்கிக்கொண்டபோது, அந்தப் பணம் கடன் சுமையைக் குறைக்கப் பயன்பட்டது. செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. இனாம் என்று எண்ணப்பட்ட சர்க்கரைக்கு விலை கொடுத்தது யார் என்பதை மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

'என்றாவது இடைவெளி மூடும், பணம் இரட்டிக்கும்' என்பது அடுத்த பதில். என்றாவது என்பது எப்போது? 10 ஆண்டில் மூடினால், துணைக் கம்பெனிப் பங்கின் வளர்ச்சிக்கு மேல் கிடைக்கும் அதிகப்படி வருஷத்துக்கு 7.2 சதவிகிதம், 20 ஆண்டில் மூடினால் 3.5 சதவிகிதம், மூடவே இல்லையென்றால் ஒன்றுமில்லை.

உடனே எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கதையை எடுத்துப் போடுவார்கள். 2024 அக்டோபர் 29-ஆம் தேதி, முதலீட்டுக் கம்பெனிகளுக்கென்று நடத்தப்பட்ட பிரத்தியேக ஏலத்தில், 3 ரூபாய் 53 காசாக இருந்த அதன் பங்கு 2,36,250 ரூபாய்க்குத் தாவியது உண்மைதான். ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் அந்தக் கம்பெனியின் புத்தக மதிப்பு அப்போது பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 5,85,000 ரூபாய். அத்தனை பெரிய தாவலுக்குப் பிறகும், யாவரும் அறிந்த சொத்துக்குச் சந்தை பாதி விலைகூடத் தரவில்லை என்பதே அந்தச் சம்பவத்தின் சாட்சியம். அது என் கட்சிக்குத்தான் துணைபோகிறது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே தள்ளிவிடலாம். கம்பெனியைப் பிரித்துவிட்டால் மறைந்திருந்த மதிப்பு நிச்சயம் வெளிப்படும் என்கிறார்கள். ஐ.டி.சி. தன் ஹோட்டல் தொழிலைப் பிரித்தபோது, 2025 ஜனவரி 6-ஆம் தேதி விலை காணும் அமர்வில் தேசியப் பங்குச் சந்தையில் 260 ரூபாய் என்று கணிக்கப்பட்ட ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பங்கு, 29-ஆம் தேதி வர்த்தகத்துக்கு வந்தபோது 180 ரூபாயில்தான் தொடங்கியது. கம்பெனி வைத்திருக்கும் நிலத்தைச் சந்தை விலைக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. ஆலை அந்த நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதன் மதிப்பு லாபத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆலை மூடிய நிலமானாலும், தொழிலாளர் பாக்கியும் கரும்பு விவசாயிகளின் பாக்கியும் தீர்ந்து, விற்பனையும் முடிந்து, வரியும் கட்டிய பின் மிஞ்சுவதே கணக்கில் சேரும். உணவுப் பண்டங்களுக்குப் பெரிய கம்பெனிகளின் மடங்கை அப்படியே போடுவதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. சர்க்கரையைப் பொட்டலத்தில் அடைத்து விற்பதனாலேயே ஒரு பிரிவு ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஆகிவிடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பாரியை வாங்கலாமா கூடாதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 50 சதவிகிதத் தள்ளுபடியில் வாங்கி, அதே 50 சதவிகிதத் தள்ளுபடியில் விற்று, கோரமண்டல் ஏறிய அளவுக்கு லாபம் கண்டவர்களும் உண்டு. என் குறை வேறு. ஆண்டறிக்கையின் தனிக் கணக்குப் பக்கங்களையும், ஒவ்வொரு துணைக் கம்பெனியின் லாப நஷ்டத்தையும் ஒரே அட்டவணையில் வைக்கும் ஏ.ஓ.சி.-1 படிவத்தையும் திறந்துகூடப் பாராமல், பங்குதாரர் என்ற பட்டத்தை மட்டும் சுமந்து திரிகிறோம். பொதுக்குழுக் கூட்டங்கள் காணொளி வழியே நடக்கும் இக்காலத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போகவும் வேண்டியதில்லை. குறித்த தேதிக்குள் பேச்சாளராகப் பெயரைப் பதிந்துகொண்டு, கோரமண்டலிலிருந்து இவ்வாண்டு வந்த ஈவுத்தொகை எத்தனை கோடி, அதில் எங்களுக்கு ஈவாக வந்தது எத்தனை, காக்கிநாடாவுக்குப் போனது எத்தனை என்று இயக்குநர்களை வருஷந்தோறும் கேட்கலாம்.