பெயின்டிங் வேலைக்கு எஸ்டிமேட் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தொழில் தொடங்கும் பெயின்டிங் கான்ட்ராக்டர்கள் எஸ்டிமேட்டில் கடைசித் தொகையைத்தான் யோசித்து யோசித்துப் போடுகிறார்கள். ஆனால் வீட்டுக்காரரோடு தகராறு வருவது அந்தத் தொகைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான். ஒரு ஹால், இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு உள்பக்கம் மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலையை வைத்துப் பார்ப்போம்.

முதலில் டேப்பை எடுங்கள்

தரைப் பரப்பை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி ரேட் சொல்லும் பழக்கம் உண்டு. அதை நம்பாதீர்கள். ஹால் 15க்கு 12 அடி, அறைகள் 12க்கு 10, 10க்கு 10, உயரம் 10 அடி என்றால் சுவர்கள் மட்டும் 1,380 சதுர அடி. கதவு, ஜன்னல் திறப்புகளுக்கு ஏறக்குறைய 160 கழித்து, மேல்தளம் 400 சேர்த்தால் 1,620. திறப்புகளைக் கழித்திருக்கிறீர்களா, இல்லையா என்பதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

இந்தத் தொகை மாறாததா, வேலை முடிந்தபின் அளந்து பார்த்து மாறுமா என்பதற்கும் ஒரு வரி வேண்டும். சிறிய வேலைக்கு மாறாத தொகையே நல்லது. வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

வேலை விவரம்

‘பெயின்ட் அடித்தல்’ என்று மட்டும் எழுதினால் யாரும் எப்படியும் புரிந்துகொள்ளலாம். இப்படி எழுதுங்கள்: உரிந்த பழைய பெயின்டைச் சுரண்டி, விரிசல்களில் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். கம்பெனிப் பெயரோடு நிற்காமல் எந்த ரக எமல்ஷன் என்பதையும் குறிப்பிடுங்கள். ஒரே கம்பெனியில் மலிவு ரகமும் உயர்ந்த ரகமும் இருக்கின்றன, விலை வித்தியாசமும் அதிகம்.

சதுர அடிக்கு ₹22 வீதம் 35,640 ரூபாய். மூன்று கதவுகளுக்கு எனாமல், கதவுக்கு ₹1,400 வீதம் 4,200. மொத்தம் 39,840 ரூபாய். ரேட்டெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர்க் கூலியை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. பதிவு இருந்தால் வரி உள்ளடக்கமா, தனியா என்று சொல்லிவிடுங்கள்.

சேராதவை: இங்கேதான் நிதானம் வேண்டும்

பெயின்டரின் பணத்தைத் தின்பது ஓதச் சுவர். அடித்த சில மாதங்களில் கொப்பளித்து உரிந்துவிடும், பழி உங்கள் மேல் விழும். அதனால் அளக்கப் போகும்போதே சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. தரையை ஒட்டி வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலும், பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவரில் கறை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். சுவரை ஒட்டிய உள்பக்கத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. துளி வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது அறையின் ஈரக்காற்று.

நம் உதாரண வீட்டில் சின்ன அறையின் பாத்ரூம் பக்கச் சுவர் அப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டியது இது: “சின்ன அறையின் கிழக்குச் சுவரில் ஓதம் உள்ளது. கசிவைச் சரிசெய்வதும் பழைய பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசுவதும் இதில் சேராது. கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடிக்கச் சொன்னால் அந்தச் சுவருக்கு உத்தரவாதம் இல்லை.” கூடவே, கொத்திப் பூச வேண்டி வந்தால் சதுர அடிக்கு எவ்வளவு என்ற ரேட்டையும் இப்போதே எழுதிவிட்டால் பிறகு பேரம் இருக்காது.

ஜன்னல் கிரில், வெளிச்சுவர், பீரோ கட்டில் நகர்த்துவது, வேலை பாதியில் கலர் மாற்றுவது ஆகியவற்றையும் சேராதவை பட்டியலில் எழுதிவிடுங்கள். அடர்ந்த கலருக்கு இரண்டு கோட் போதாமல் போகலாம், அதற்கும் தனி வரி வேண்டும்.

எஸ்டிமேட் எத்தனை நாள் செல்லும்?

தேதியிட்டு, 15 நாள் என்று போடுங்கள். ஐப்பசியில் கொடுத்த எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு முந்தின வாரம் வருபவர்கள் உண்டு. அப்போது ஆள் கிடைப்பதே கஷ்டம், கூலியும் ஏறியிருக்கும்.

பணம்

தவணையைத் தேதியோடு கட்டாமல், கண்ணுக்குத் தெரியும் வேலையோடு கட்டுங்கள். சாமான் இறக்க 12,000 ரூபாய், பட்டியும் பிரைமரும் முடிந்ததும் 12,000, முதல் கோட் முடிந்ததும் 12,000. மீதி 3,840, வீட்டுக்காரர் காட்டிய டச்-அப் முடித்த 3 நாளில். ‘வேலை முடிந்ததும்’ என்று மட்டும் எழுதினால், முடிந்ததா என்பதே வாக்குவாதமாகிவிடும்.

இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அது முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பி, சம்மதம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அதன் பிறகு பெயின்ட் கடைக்குப் போங்கள்.