பணி விலகல் கடிதம்: விண்ணப்பமா, அறிவிப்பா?

கீழ்க்காணும் வாசிப்புப் பகுதியைக் கவனமாக வாசித்திடுக.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள பிறை வட்டாரத்தில், தனியார் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றும் தாதி ஒருவரை எண்ணிக்கொள்வோம். தாதிமைத் துறையில் டிப்ளோமா பெற்று, 1 மார்ச் 2021இல் அவர் பணியில் சேர்ந்தார். இப்போது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தாதிமை இளங்கலைப் பட்டம் பயில அவருக்கு இடம் கிடைத்துள்ளது. அப்பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் பினாங்குத் தீவில் இருந்தாலும், தாதிமைப் படிப்பு கிளந்தானில் உள்ள குபாங் கெரியான் சுகாதார வளாகத்தில்தான் நடைபெறுகிறது. தித்திவங்சா மலைத்தொடருக்கு அப்பால் இருந்துகொண்டு பிறையில் வேலை செய்ய இயலாது. எனவே, அவர் பணியிலிருந்து விலக வேண்டியுள்ளது. புதிய மாணவர்கள் 1 அக்டோபர் 2025இல் பதிந்துகொள்ள வேண்டும் என வைத்துக்கொள்வோம். அவர் எழுதும் கடிதம் இவ்வாறு அமையலாம்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்:
தாதி, உள்நோயாளிப் பிரிவு,
பிறை, பினாங்கு.

பெறுநர்:
மேலாளர், மனிதவளப் பிரிவு,
பிறை, பினாங்கு.

வழி: தலைமைத் தாதி, உள்நோயாளிப் பிரிவு

11 ஆகஸ்டு 2025

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கல்வியின் பொருட்டுப் பணியிலிருந்து விலகுதல்

வணக்கம். 1 மார்ச் 2021 முதல் இம்மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி வரும் நான், என் பணியிலிருந்து விலகுகிறேன் என்பதை இக்கடிதத்தின் வழி தெரிவித்துக்கொள்கிறேன். 21 செப்டம்பர் 2025 என் இறுதிப் பணி நாளாகும்.

2. தாதிமை இளங்கலைப் பட்டம் பயில எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துள்ளது. முழுநேரப் படிப்பு என்பதால் பணியைத் தொடர இயலவில்லை.

3. என் பணி ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் குறிப்பிடப்படவில்லை. ஆகவே, சட்டப்படி ஆறு வார அறிவிப்பு அளிக்கிறேன். கல்வி உதவி ஒப்பந்தத்தின்படி நான் ஆற்ற வேண்டிய மூன்றாண்டுக் கட்டாயப் பணிக்காலம் 29 பிப்ரவரி 2024இல் நிறைவுற்றது.

4. என் பொறுப்பில் உள்ள பதிவேடுகளையும் சாவிகளையும் இறுதி நாளுக்குள் தலைமைத் தாதியிடம் ஒப்படைப்பேன். புதிதாக வருபவருக்குப் பிரிவின் நடைமுறைகளைக் கற்றுத்தரவும் ஆயத்தமாக உள்ளேன். என் பணிக்காலத்தைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் ஒன்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
(கையொப்பம்)

கடிதத்தின் வினைமுற்று

இக்கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்னும் சொல் வருகிறது. அது சான்றிதழ் கேட்கும் இடம். விலகலைப் பற்றிச் சொல்லும்போது அவர் ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்றே எழுதியுள்ளார். இந்த வேறுபாடு தற்செயலானதன்று.

விடுப்புக் கடிதம் ஒரு விண்ணப்பம். விடுப்புத் தருவதும் மறுப்பதும் மேலதிகாரியின் முடிவு. பணி விலகல் கடிதமோ ஓர் அறிவிப்பு. உரிய காலத்திற்கு முன்பே அறிவித்துவிட்டு வேலையிலிருந்து விலகுவது ஊழியரின் உரிமை. ‘விலக அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால், படிப்பவர் அதை விண்ணப்பமாகக் கருதி, விடை தராமல் கிடப்பில் போட்டுவிடலாம். அறிவிப்புக் காலம் என்று தொடங்கியது என்பதிலும் பின்னர்க் கருத்து வேறுபாடு எழும்.

அறிவிப்பு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. கொடுத்த அறிவிப்பை, முதலாளியின் ஒப்புதலின்றி நாமாகவே மீட்டுக்கொள்ள முடியாது. அதனால்தான், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே விலகல் கடிதத்தை எழுத வேண்டும்.

இறுதி நாளைக் கணக்கிடுதல்

தீபகற்ப மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களுக்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பொருந்தும். அரசாங்க மருத்துவமனைத் தாதியருக்கு வேறு விதிகள் உள்ளன. பணி ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுதப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். எழுதப்படவில்லை என்றால், இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு பணிக்காலத்திற்கேற்ப அதை வரையறுக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியவர் நான்கு வாரமும், இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் பணியாற்றியவர் ஆறு வாரமும், ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ பணியாற்றியவர் எட்டு வாரமும் முன்னதாக அறிவிக்க வேண்டும். முதலாளி ஊழியரை நிறுத்தும்போதும் இதே காலம்தான்.

நம் தாதி நான்கு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியுள்ளார். எனவே, ஆறு வாரம், அதாவது 42 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும் என்று சட்டம் கூறுகிறது. ஆகஸ்டு 11 முதல் 31 வரை 21 நாள். செப்டம்பர் 1 முதல் 21 வரை மேலும் 21 நாள். ஆகவே, இறுதி நாள் செப்டம்பர் 21. கடிதம் கொடுத்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் செப்டம்பர் 22 என்று தவறான விடை கிடைக்கும். திங்கட்கிழமை கொடுத்த ஆறு வார அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமையில்தான் முடியும் என்பதைக் கொண்டு கணக்கைச் சரிபார்க்கலாம்.

இதே கடிதத்தை அவர் இரண்டு வாரம் தாமதித்து, ஆகஸ்டு 25இல் கொடுத்திருந்தால் என்னவாகும்? அறிவிப்புக் காலம் அக்டோபர் 5இல் முடியும். ஆனால், அக்டோபர் 1இல் அவர் குபாங் கெரியானில் இருக்க வேண்டும். செப்டம்பர் 30 வரை வேலை செய்தாலும் ஐந்து நாள் குறைகிறது. அந்த ஐந்து நாளுக்கு உரிய சம்பளத்திற்கு ஈடான தொகையை அவர் மருத்துவமனைக்குச் செலுத்திவிட்டு விலகலாம். 13ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. மருத்துவமனை விரும்பினால் குறையும் நாள்களை விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். ஆனால், அதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

எழுத வேண்டியதும் வேண்டாததும்

உள்நோயாளிப் பிரிவில் இரவும் பகலும் தாதியர் முறை மாற்றிப் பணியாற்றுகின்றனர். பணி நேர அட்டவணை முன்கூட்டியே வரையப்படுகிறது. ஒருவர் திடீரென நின்றுவிட்டால், எஞ்சியோர் கூடுதல் நோயாளிகளைக் கவனிக்க நேரிடும். தலைமைத் தாதியின் வழியாகக் கடிதம் அனுப்பப்படுவதும், பொறுப்பு ஒப்படைப்பைப் பற்றி ஒரு பத்தி இடம்பெறுவதும் இதனால்தான்.

கட்டாயப் பணிக்காலத்தைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. சில மருத்துவமனைகள் டிப்ளோமா படிப்புச் செலவை ஏற்று, அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் தங்களிடம் பணியாற்ற வேண்டும் என ஒப்பந்தம் செய்கின்றன. அக்காலம் முடியுமுன் விலகுபவர், முறையாக அறிவிப்புக் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தப்படி பணம் திருப்பிச் செலுத்த நேரிடலாம்.

விலகும் காரணத்திற்கு ஓரிரு வாக்கியம் போதும். சம்பளக் குறை, சக ஊழியர் மீதான மனத்தாங்கல் ஆகியவற்றுக்கு இக்கடிதத்தில் இடமில்லை. இக்கடிதம் ஊழியரின் கோப்பில் பல ஆண்டுகள் இருக்கும். இறுதியாக, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 42 நாளின் முதல் நாள் எது என்பதற்கு அந்த நகலே சான்று.

சிந்தித்து விடை எழுதுக

1. ‘விலக அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என எழுதுவதால் ஏற்படக்கூடிய சிக்கல்கள் யாவை?
2. ஐந்து ஆண்டு இரண்டு மாதம் பணியாற்றிய தாதி ஒருவர் 3 நவம்பர் 2025இல் விலகல் கடிதம் கொடுக்கிறார். அவருடைய பணி ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் குறிப்பிடப்படவில்லை. அவரது இறுதிப் பணி நாளைக் கணக்கிடுக.
3. அந்தத் தாதியின் விலகல் கடிதத்திற்குரிய முதல் பத்தியை எழுதுக.